மடிக்கணினி பேட்டரி இல்லை என்கிறது: யார் சொல்வதை நம்புவது?

"என் மடிக்கணினி வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களாக Consider replacing your battery என்று காட்டிக்கொண்டிருந்தது, நான் கண்டுகொள்ளவில்லை. போன வாரத்திலிருந்து No battery is detected என்கிறது. சார்ஜரைப் பிடுங்கினால் உடனே அணைந்துவிடுகிறது. கடையில் காட்டினேன், மதர்போர்டு போயிருக்கும் என்கிறார்கள். புதிய பேட்டரி வாங்குவதா, போர்டை மாற்றுவதா? அதற்கு முன் வீட்டிலேயே ஏதாவது பார்க்க முடியுமா?"

பார்க்க முடியும். போர்டை மாற்றச் சம்மதிக்கும் முன் கட்டாயம் பார்க்க வேண்டும். முதலில் ஒன்று: இந்த இரண்டு செய்திகளையும் ஒரே நோயின் இரண்டு கட்டங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் செய்தி, பேட்டரி தன்னைப் பற்றித் தானே கொடுத்த வாக்குமூலம். இரண்டாவது செய்தி, பேட்டரியிடமிருந்து எந்தப் பதிலும் வராததால் கணினி சொல்வது. வீட்டிலிருக்கும் பெரியவர் "எனக்கு முடியவில்லை" என்று சொல்வது வேறு. கதவைத் தட்டியும் உள்ளேயிருந்து சத்தமே வராதது வேறு. சத்தம் வராததற்கு அவர் தூங்கிப்போனதும் காரணமாக இருக்கலாம், அழைப்பு மணியின் வயர் அறுந்ததும் காரணமாக இருக்கலாம்.

மடிக்கணினி பேட்டரிக்குள் வெறும் செல்கள் மட்டும் இல்லை. செல்களோடு ஒட்டியபடி விரல் அகலத்துக்கு ஒரு சிறிய சர்க்யூட் பலகையும் இருக்கிறது. அதிலுள்ள சிப், உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்த மின்சாரத்தையும் கணக்கெழுதிக்கொண்டே இருக்கும். நிரப்பி வடிக்கும் சுழற்சி எத்தனை ஓடியது, இப்போது முழுமையாக நிரப்பினால் எவ்வளவு கொள்ளும் என்பதெல்லாம் அந்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். மதர்போர்டிலுள்ள ஒரு கட்டுப்பாட்டுச் சிப் இரண்டு மெல்லிய கம்பிகள் வழியாக அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குகிறது. விண்டோஸ் நேரடியாகப் பேட்டரியிடம் பேசுவதே இல்லை. அந்தக் கட்டுப்பாட்டுச் சிப் சொல்வதைக் கேட்டு நமக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இது ஒருமுறை பெரிய சர்ச்சையாகவே ஆனது. விண்டோஸ் 7 வெளிவந்த சில மாதங்களில், 2010 பிப்ரவரியில், "புதிய விண்டோஸ் எங்கள் பேட்டரியைக் கெடுத்துவிட்டது" என்று ஏராளமானோர் புகார் செய்தார்கள். முந்தைய விண்டோஸில் இல்லாத Consider replacing your battery என்ற எச்சரிக்கை திடீரெனக் கண்ணில் பட்டதுதான் காரணம். ஆராய்ந்து பார்த்த மைக்ரோசாஃப்ட், வடிவமைப்புக் கொள்ளளவில் 40 சதவீதம்தான் மிச்சம் என்ற நிலைக்குப் பேட்டரி தேய்ந்ததும் அந்த எச்சரிக்கை வருகிறது, அந்த எண்ணை விண்டோஸ் படிக்க மட்டுமே முடியும், மாற்றி எழுத முடியாது என்று விளக்கியது. ஆகவே, முதல் செய்தி வந்தபோது உங்கள் பேட்டரி ஏற்கெனவே பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது இரண்டாவது செய்திக்கு. இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியம், Device Manager திறந்து, Batteries என்பதன் கீழ் Microsoft ACPI-Compliant Control Method Battery என்பதை நீக்கிவிட்டு மறுபடியும் தேடச் சொல்வது. நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். விண்டோஸுக்குக் கீழே இருக்கும் அடுக்குக்கே பேட்டரி தெரியவில்லை என்றால் மேலே டிரைவரை எத்தனை முறை நீக்கினாலும் பயனில்லை. எனவே முதல் கேள்வி இதுதான்: விண்டோஸ் எழுவதற்கு முன்பே கணினிக்குப் பேட்டரி தெரிகிறதா?

இதை அறிய, கணினியிலேயே உள்ளமைந்த பரிசோதனை இருக்கிறது. சார்ஜரைச் செருகிவிட்டுக் கணினியை முழுவதும் அணையுங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் சாதாரணமாக Shut down கொடுத்தால் அது முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கக்கூடும்; Shift விசையை அழுத்திக்கொண்டு Shut down கொடுங்கள். பிறகு இயக்கியவுடன், எச்பி கணினி என்றால் F2, டெல் என்றால் F12 அழுத்தி வரும் பட்டியலில் Diagnostics, லெனோவாவில் பெரும்பாலும் F10. எச்பியில் Component Tests, பிறகு Power, பிறகு Battery என்று போக வேண்டும். சோதனை ஒரு சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

எச்பி பரிசோதனை தரும் தீர்ப்புகள் தெளிவானவை. Calibrate என்று வந்தால் கணக்குப் புத்தகம் தப்பாகிவிட்டது. Weak, Very Weak என்றால் தேய்ந்த பேட்டரி, ஆனால் உயிரோடு இருக்கிறது. Replace என்றால் மாற்ற வேண்டியதுதான். No Battery என்றால் கேள்வி கேட்டும் பதில் வரவில்லை. டெல்லில், விண்டோஸ் எழுவதற்கு முன் ஓடும் அடிப்படை நிரலான பயாஸுக்குள்ளேயே பேட்டரி பற்றிய பக்கம் ஒன்று இருக்கிறது. ஆரோக்கியத்தை Excellent, Good, Fair, Poor என்று நான்கு படிகளில் சொல்லும்.

பரிசோதனைக்குப் பேட்டரி தெரிந்து, விண்டோஸுக்கு மட்டும் தெரியவில்லை என்றால், அப்போதுதான் மேலே சொன்ன டிரைவர் வைத்தியத்துக்கு வேலை. இரண்டுமே இல்லை என்று சொன்னால் விண்டோஸை மறந்துவிடுங்கள். திரும்ப நிறுவி ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் சார்ஜரைப் பிடுங்கியதும் அணைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல தடயம். பேட்டரி இல்லை என்று திரை காட்டும்போதே சார்ஜர் இல்லாமலும் கணினி ஓடினால், மின்சாரம் வரும் தடிமனான தொடுமுனைகள் சரியாக இருக்கின்றன, பேசும் மெல்லிய கம்பிதான் போயிருக்கிறது என்று பொருள். உங்களுக்கு இரண்டுமே போயிருக்கின்றன. உடனே "போர்டுதான்" என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் பல பேட்டரிகளில் மெல்லிய முனைகளில் ஒன்று, "நான் கணினியில் பொருத்தப்பட்டிருக்கிறேன்" என்று பேட்டரிக்கே தெரிவிப்பதற்காக இருக்கிறது. அந்த ஒரு முனை தொடாமல் போனால், பாதுகாப்புக்காகப் பேட்டரி தன் வாசலை மூடிக்கொண்டுவிடும். மின்சாரமும் வராது, பேச்சும் வராது. ஆகவே, நான் சந்தேகப்படும் வரிசையில் இணைப்பு முதலில், பேட்டரி அடுத்து, போர்டு மூன்றாவது.

இணைப்பைப் பார்ப்பதற்கு முன் மேசை மீது கணினியை மூடி வைத்துப் பாருங்கள். ஆடுகிறதா? டச்பேட் மேலே எழும்பியோ, அழுத்தினால் சொடுக்காமலோ இருக்கிறதா? பின்மூடி ஒரு பக்கம் பிதுங்கியிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பேட்டரி உப்பியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மற்ற எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், அழுத்தவோ குத்தவோ கூடாது, கழற்றுவதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். கழற்றியதைக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடமே கொடுக்க வேண்டும்.

உப்பல் இல்லையென்றால் தொடரலாம். பழைய மாடல்களில் பேட்டரியை அடியிலுள்ள கொக்கியைத் தள்ளிக் கழற்றிவிடலாம். இப்போதைய கணினிகளில் பின்மூடியைத் திறக்க வேண்டும். உத்தரவாதம் மிச்சமிருந்தால் அவர்களிடமே போங்கள். முழுவதும் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, திருகுகளை எந்தெந்த இடத்திலிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு காகிதத்தில் படம் வரைந்து அங்கங்கே ஒட்டி வையுங்கள். நீளமான திருகைக் குட்டைத் திருகின் இடத்தில் முறுக்கி, அது போர்டைத் துளைத்த கதை ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

பேட்டரியிலிருந்து வரும் வயர்கள் ஒரு சிறிய இணைப்பியில் முடியும். அதைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்; இணைப்பியின் இரண்டு தோள்களையும் பிளாஸ்டிக் குச்சியாலோ நகத்தாலோ மாறி மாறி நகர்த்துங்கள். சிலவற்றில் சிறு பூட்டு இருக்கும், சில மேல்நோக்கியும் சில பக்கவாட்டிலும் வரும். வராவிட்டால் பலத்தைக் கூட்டாமல் மறுபடி உற்றுப் பாருங்கள். கைபேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் உள்ளே தெரியும். பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருந்தால் எப்போதோ காபியோ தண்ணீரோ போயிருக்கிறது. ஒரு முனை மட்டும் கறுத்திருந்தால் அது தளர்வாகத் தொட்டுச் சூடாகியிருக்கிறது. ஒரு தகடு மற்றவற்றைவிட உள்ளே மடங்கியிருந்தால் குற்றவாளி கையில் கிடைத்துவிட்டது.

சுத்தம் செய்ய, கைபேசி பழுதுபார்க்கும் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். மென்மையான தூரிகையில் சில துளிகள் நனைத்து இரண்டு பக்கமும் தேய்த்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம்; மேற்பூச்சை உரித்துவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி துருப்பிடிக்கும். கையில் மல்ட்டிமீட்டர் இருக்கிறதே என்று இணைப்பியின் முனைகளில் குத்திப் பார்க்கவும் வேண்டாம். பக்கத்துப் பக்கத்து முனைகளைத் தவறுதலாக ஒன்றுசேர்த்துவிட்டால் பேட்டரிக்குள் உள்ள ஃபியூஸ் போய்விடும். தவிரவும், கணினியிலிருந்து கழற்றிய பேட்டரி தன் வாசலை மூடிக்கொள்ளும் என்று சொன்னேன் அல்லவா? அதனால் நல்ல பேட்டரியே மீட்டரில் பூஜ்யம் காட்டக்கூடும். அதைப் பார்த்து "செத்துவிட்டது" என்று சொல்லும் கடைகள் உண்டு. அதே பேட்டரி கணினியில் பொருத்தியதும் ஓடியிருக்கிறது.

பேட்டரி கழன்றிருக்கும் இந்த நேரத்திலேயே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். சார்ஜரும் இல்லை, பேட்டரியும் இல்லை என்ற நிலையில் பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்து, பேட்டரியிடம் பேசும் கட்டுப்பாட்டுச் சிப் புதிதாகத் தொடங்கும். அந்தச் சிப் சிக்கிக்கொண்டு பேட்டரியைப் பார்க்க மறுப்பது அடிக்கடி நடப்பதுதான். பின்னர் இணைப்பியைச் சமமாக, இறுதிவரை அழுத்திப் பொருத்தி, சார்ஜரைச் செருகி, மறுபடியும் விண்டோஸுக்குப் போகாமல் நேராகப் பரிசோதனைக்கே போங்கள்.

அப்போதும் No Battery என்று வந்தால், அந்தக் கணினி பல மாதங்கள் அலமாரியில் கிடந்ததா என்று யோசியுங்கள். செல்கள் அளவுக்கு மீறி வடிந்துபோனால் உள்ளே கணக்கெழுதும் சிப்புக்கே மின்சாரம் கிடைக்காமல் அது மௌனமாகிவிடும். சார்ஜரில் இரண்டு மணி நேரம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, விட்டுப் பாருங்கள். சில பேட்டரிகள் மெதுவாக மின்சாரம் வாங்கி விழித்துக்கொள்ளும். விழிக்காததை வெளியிலிருந்து வயர் கொடுத்து எழுப்பும் காணொளிகளைப் பின்பற்றாதீர்கள். பாதுகாப்புக்காகத் தன்னை நிரந்தரமாகப் பூட்டிக்கொண்ட பேட்டரியை அப்படி ஏமாற்றினால், தீப்பிடிக்காமல் காப்பதற்கு உள்ளே எதுவும் மிச்சமிருக்காது.

பயாஸைப் புதுப்பிப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை எல்லோரும் முதலில் செய்கிறார்கள். பேட்டரியை அடையாளம் காண்பதில் குறை இருந்து பயாஸ் புதுப்பிப்பில் சரிசெய்யப்பட்ட மாடல்கள் உண்டு. உங்கள் மாடலின் ஆதரவுப் பக்கத்தில் புதிய பயாஸுக்கான மாற்றக் குறிப்பைப் படியுங்கள். பேட்டரி, சார்ஜ் என்ற சொல் அதில் இருந்தால் செய்யலாம், இல்லையென்றால் இந்தக் கோளாறுக்காகச் செய்ய வேண்டாம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: பேட்டரியில் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இல்லையென்றால் பல கணினிகள் புதுப்பிக்கவே மறுக்கும். அந்தத் தடையைச் சுற்றிப்போகும் வழிகளைச் சிலர் சொல்வார்கள். பயாஸ் எழுதப்படும் அந்த மூன்று நான்கு நிமிடத்தில் கரண்ட் போனால் இருக்கும் போர்டும் கல்லாகிவிடும். எங்கள் தெருவில் அந்தச் சூதாட்டத்தை யுபிஎஸ் இல்லாமல் நான் ஆட மாட்டேன்.

போன ஆண்டு என் தங்கையின் மடிக்கணினி இதே இரண்டு செய்திகளுடன் வந்தது. நினைவகத்தைக் கூட்டுவதற்காக ஒரு கடையில் திறந்து மூடியிருந்தார்கள். அடுத்த வாரம் பையில் போட்டு ரயிலில் போய் வந்ததும் No battery is detected. பரிசோதனையிலும் No Battery. திறந்து பார்த்தபோது பேட்டரி இணைப்பியின் இடது ஓரம் ஒரு நகக்கண் அளவு மேலெழுந்து நின்றது. வயரைப் பூட்ட ஒட்டியிருந்த கறுப்பு நாடாவையும் திரும்ப ஒட்டவில்லை. துடைத்து அழுத்தியதும் பேட்டரி வந்துவிட்டது. செலவு ஒன்றுமில்லை.

ஆனால் முதல் செய்தி அப்படியே இருந்தது. அதற்கு விண்டோஸிலேயே அறிக்கை எடுத்தோம். Start பொத்தானில் வலது சொடுக்கி, Terminal (Admin) திறந்து இதைத் தட்டச்சு செய்ய வேண்டும்:

```
powercfg /batteryreport /output "C:\battery.html"
```

அந்தக் கோப்பை உலாவியில் திறந்தால் Installed batteries என்ற பகுதியில் மூன்று எண்களைப் பாருங்கள். அவளுடையதில் இப்படி இருந்தது:

```
DESIGN CAPACITY         41,040 mWh
FULL CHARGE CAPACITY    15,180 mWh
CYCLE COUNT             412
```

15,180 ஐ 41,040 ஆல் வகுத்தால் 37 சதவீதம். எச்சரிக்கைக் கோட்டுக்குக் கீழே. ஆனால் அவள் கணினி ஆண்டு முழுவதும் சார்ஜரிலேயே கிடப்பது. அப்படி இருக்கும் பேட்டரி முழுதாக வடிவதே இல்லை, அதனால் சிப்புக்குத் தன் கணக்கைச் சரிபார்க்க வாய்ப்பே கிடைக்காது. எண் கொஞ்சம் கொஞ்சமாகத் தடம் மாறும். நான் முன்பு சொன்ன விதிவிலக்கு இதுதான். அதே அறிக்கையில் கீழே Battery capacity history என்ற அட்டவணையில் கொள்ளளவு வாரவாரம் எப்படி இறங்கியது என்று தெரியும். மெதுவாக இறங்கியிருந்தால் தேய்மானம். ஒரே வாரத்தில் தடாலென விழுந்திருந்தால் கணக்குப் பிழையாகவோ ஒரு செல் பழுதானதாகவோ இருக்கும்.

கணக்கைத் திருத்த ஒரு முழுச் சுற்று ஓட்டினோம். நூறு சதவீதம் வரை நிரப்பி, சார்ஜரோடு இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, சார்ஜரைக் கழற்றி, பயாஸ் திரையிலேயே கணினியை விட்டுவிட்டோம். விண்டோஸில் விட்டால் கடைசி சில சதவீதத்தில் அதுவே தூங்கிப்போகும், வடிதல் முடியாது. தானாக அணைந்த பிறகு இடைவிடாமல் மறுபடி நூறு வரை நிரப்பினோம். புதிய அறிக்கையில் 19,700. அதாவது 48 சதவீதம். எச்சரிக்கை போய்விட்டது, ஆனால் பேட்டரி இளமையாகிவிடவில்லை. அவள் வேலைக்குக் கணினி சராசரியாக 14 வாட் எடுக்கும், 19.7 வாட் மணி அதற்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும், அவ்வளவே வந்தது. சுற்று முடிந்தும் எண் ஏறாமல் இருந்திருந்தால் தேய்மானம் உண்மை, மாற்றிவிட வேண்டியதுதான். உப்பிய பேட்டரிக்கு இந்தச் சுற்றை ஓட்டக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை. நல்ல பேட்டரிக்கும் மாதாமாதம் செய்ய வேண்டாம்; முழு வடிதல் ஒவ்வொன்றும் கொஞ்சம் தேய்க்கும்.

உங்கள் கணினிக்கு வருவோம். இணைப்பைத் துடைத்து, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து, இரண்டு மணி நேரம் சார்ஜரில் விட்ட பிறகும் பரிசோதனை No Battery என்றே சொன்னால் அடுத்த சந்தேகம் பேட்டரி. நான்கு வயதாகி, மாற்றச் சொல்லி ஏற்கெனவே கெஞ்சிய பேட்டரி என்பதால் அதை மாற்றுவது எப்படியும் வீண்செலவு ஆகாது. வாங்கும்போது கணினியின் மாடல் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகை பேட்டரி வரும். பழைய பேட்டரியின் ஒட்டுத்தாளிலுள்ள பாக எண்ணும் வோல்ட்டும் பொருந்த வேண்டும். சில கணினிகள், குறிப்பாக லெனோவாவின் திங்க்பேட் வரிசையில் பல, நிறுவன அங்கீகாரம் இல்லாத பேட்டரியைக் கண்டால் சார்ஜ் செய்ய மறுத்துத் திரையிலேயே அதைச் சொல்லிவிடும். வாங்கியதும் அந்த powercfg அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். புதியது என்று கொடுத்ததில் CYCLE COUNT முந்நூறு காட்டினால் அப்படியே திருப்பிக் கொடுக்கலாம்.

திருப்பிக் கொடுக்கும் வசதியில்லாத இடத்தில் வாங்குவதைவிட, கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: அதே வகைப் பேட்டரி, வேறு கணினியில் ஓடிக்கொண்டிருப்பது, ஒன்றை உங்கள் கணினியில் பொருத்தி உங்கள் கண்ணெதிரே பரிசோதனையை ஓட்டச் சொல்லுங்கள். பேட்டரி தெரிந்தால் உங்கள் பழைய பேட்டரிதான் போனது. அதையும் No Battery என்றே சொன்னால் கடைக்காரர் சொன்னது சரி, பழுது போர்டில்தான். அப்போதும் முழுப் போர்டையும் மாற்றுவதற்கு முன், சிப் அளவில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டுங்கள். பேட்டரி இணைப்பியின் சாலிடர் விட்டிருப்பது, அருகிலுள்ள ஃபியூஸ் போயிருப்பது, சார்ஜிங் சிப் பழுதாவது ஆகிய மூன்றையும் அவரால் போர்டை மாற்றாமலே சரிசெய்ய முடியும்.